அத்தை போட்ட மனுவும் 21 தாண்டிய பிள்ளையும்: அமெரிக்கக் குடியேற்ற விசாவில் வயதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்

யீஷூனில் ஒரு நண்பர் வீட்டுச் சமையலறை மேசை. அவர் தஞ்சாவூரில் பிறந்து, வேலைக்காகச் சிங்கப்பூர் வந்து, இங்கேயே குடியுரிமை வாங்கியவர். மனைவி இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பருடைய அக்கா 2007இல் தம்பிக்காக I-130 மனு போட்டிருந்தார். அப்போது மூத்த பெண் தொடக்கப்பள்ளிச் சீருடையில் இருந்தாள். விசா நெருங்கியபோது அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அண்ணே, பாப்பாவுக்கு இருபத்தஞ்சு ஆயிடுச்சே. இருபத்தொண்ணு தாண்டுனா கணக்குல வராதுன்னு சொல்றாங்க. அவளை விட்டுட்டு நாங்க எப்படிப் போறது?" என்று நண்பரின் மனைவி கேட்டார். மேசையில் ஒரு பழைய நெகிழிக் கோப்பு. அதற்குள் ஓரம் பழுப்பேறிய இரண்டு தாள்கள். பதில் அந்த இரண்டு தாளில்தான் இருந்தது. அன்று இரவு அவர்களோடு உட்கார்ந்து செய்த கணக்கை அப்படியே இங்கே வரிசையாக எழுதுகிறேன். அவர்களை யாரும் அடையாளம் காணக்கூடாது என்பதால் தேதிகளை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

இது சகோதரர் வகை மனுவுக்கான வழிகாட்டி. விசா புல்லட்டினில் F4 என்று இருக்கும். அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ தன் உடன்பிறப்புக்காகப் போடும் மனு இது. உடன்பிறப்பின் கணவன் அல்லது மனைவியும், 21 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளும் கூடவே போகலாம். ஆனால் இந்த வகைக்கு ஆண்டுக்கு 65,000 விசாக்கள்தான். அதனால் காத்திருப்பு 15 ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது. மனு போட்ட அன்று கைக்குழந்தையாக இருந்தால்கூட விசா வருவதற்குள் வளர்ந்துவிடும். பிள்ளை வளர்வது யார் குற்றமும் இல்லை என்பதால்தான் 2002 ஆகஸ்ட் 6 அன்று பிள்ளைகளின் நிலையைக் காக்கும் சட்டம் ஒன்றை அமெரிக்கா கொண்டுவந்தது. சுருக்கமாக CSPA. பிள்ளையின் உண்மையான வயதை அப்படியே எடுக்காமல், சில நாட்களைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்கிறது அந்தச் சட்டம்.

முதல் படி: மனு எத்தனை நாள் அரசு மேசையில் கிடந்தது?

கோப்பிலிருந்து இரண்டு தாளை எடுங்கள். இரண்டும் I-797 என்ற படிவந்தான். ஒன்று மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது. மற்றது மனு ஏற்கப்பட்டதற்கான அறிவிப்பு. ரசீதில் மனு பெறப்பட்ட தேதி இருக்கும், ஏற்பு அறிவிப்பில் அது ஏற்கப்பட்ட தேதி இருக்கும். இரண்டுக்கும் இடையில் எத்தனை நாள் என்று எண்ணுங்கள். பிள்ளையின் வயதிலிருந்து கழிக்க வேண்டியது அந்த நாட்களைத்தான்.

பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. 18 ஆண்டு காத்திருந்தோமே, 18 ஆண்டையும் கழிப்பார்கள் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மனு ஏற்கப்பட்ட பிறகு விசா வரிசையில் நின்ற காலத்தில் ஒரு நாள்கூடக் கழியாது. மனு முடிவாகாமல் கிடந்த காலம் மட்டுமே கழியும். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் மனு ஆறு மாதத்தில் ஏற்கப்பட்டது என்று அன்றைக்குப் பொறாமைப்பட்டிருந்தால், இன்று அவருக்குக் கழிக்க ஆறு மாதம்தான் இருக்கிறது. தாமதமான மனு பிள்ளைக்கு நன்மை செய்கிறது. நடுவில் கூடுதல் ஆவணம் கேட்டு நிறுத்தி வைத்திருந்தாலும் அந்த நாட்களும் சேர்ந்தே எண்ணப்படும்.

நண்பரின் மனு பெறப்பட்டது 2007 செப்டம்பர் 12. ஏற்கப்பட்டது 2012 ஜனவரி 20. இடையில் 1,591 நாட்கள்.

தாள் தொலைந்திருந்தால் மனு போட்டவரிடம் கேளுங்கள். ரசீதும் ஏற்பு அறிவிப்பும் அவருடைய முகவரிக்குத்தான் போயிருக்கும். இந்த வீட்டில் ஏற்பு அறிவிப்பு இருந்தது, ரசீதின் நகலோ மங்கிப்போயிருந்தது. அக்காவைக் கூப்பிட்டோம். அங்கே காலை. அரை மணி நேரத்தில் அலமாரியிலிருந்து எடுத்துப் படம் அனுப்பினார்.

இரண்டாம் படி: விசா கிடைக்கத் தொடங்கிய நாள் எது?

வயதை எந்த நாளில் நிறுத்திப் பார்க்கிறார்கள் என்பதுதான் இந்தக் கணக்கின் உயிர். நேர்காணல் நாளும் இல்லை, படிவம் நிரப்பிய நாளும் இல்லை, கடிதம் வந்த நாளும் இல்லை. ஒன்று, மனு ஏற்கப்பட்ட நாள். இன்னொன்று, உங்கள் முன்னுரிமைத் தேதிக்கு, அதாவது மனு பெறப்பட்ட தேதிக்கு, விசா திறந்த மாதத்தின் முதல் நாள். இந்த இரண்டில் எது பிந்தியதோ அதுதான். F4 வகையில் கிட்டத்தட்ட எப்போதும் இரண்டாவதுதான் பிந்தியதாக இருக்கும்.

அமெரிக்க வெளியுறவுத்துறை மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினில் குடும்ப வகைகளுக்கு இரண்டு அட்டவணைகள் இருக்கும். மேலே Final Action Dates, கீழே Dates for Filing. சிங்கப்பூரில் தூதரகம் வழியாகப் போகிறவர்களுக்கு மேலே இருப்பதுதான் கணக்கு. கட்டத்தில் இருக்கும் தேதி உங்கள் முன்னுரிமைத் தேதியைத் தாண்டியிருந்தால் விசா திறந்துவிட்டது என்று பொருள். எந்த மாதப் புல்லட்டினில் முதன்முறையாகத் தாண்டியதோ, அந்த மாதம் 1ஆம் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீழ் அட்டவணையால் ஒரு குழப்பம் வருகிறது. உங்கள் தேதி அந்த அட்டவணைக்குள் வந்ததுமே, ஆவணங்களைச் சேகரிக்கும் தேசிய விசா மையம், அதாவது NVC, கட்டணம் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்பலாம். விசா வந்துவிட்டது, பிள்ளை வயது நின்றுவிட்டது என்று வீட்டில் மகிழ்ச்சி. நிற்கவில்லை. மேல் அட்டவணை வரும்வரை வயது ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. கீழ் அட்டவணையே போதும் என்று சொல்லும் காணொளிகளும் உலவுகின்றன. அவை அமெரிக்காவுக்குள் இருந்தபடியே விண்ணப்பிப்பவர்களுக்காக 2023 பிப்ரவரியில் வந்த விதியைப் பற்றியவை. 2025 ஆகஸ்ட் 15 முதல் அவர்களுக்கும் மேல் அட்டவணைதான் என்று மாற்றிவிட்டார்கள். நமக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தியதே இல்லை.

மூன்றாம் படி: எந்த நாட்டு வரிசை?

நான் அதிக நேரம் செலவிட்டது இந்தப் படியில்தான். சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இழப்பதும் இங்கேதான் என்று நினைக்கிறேன்.

புல்லட்டினில் இந்தியா, சீனா, மெக்சிகோ, பிலிப்பீன்ஸ் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி இருக்கும். மற்ற எல்லா நாடுகளும் All Chargeability Areas Except Those Listed என்ற ஒரே பத்திக்குள் அடங்கும். எந்தப் பத்தி என்பதைக் குடியுரிமை முடிவு செய்வதில்லை, பிறந்த இடம் முடிவு செய்கிறது. நண்பர் கையில் சிவப்பு நிறச் சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருக்கிறது. ஆனாலும் தஞ்சாவூரில் பிறந்தவர் என்பதால் அவர் இந்திய வரிசையில்தான் நிற்கிறார். F4 வகையில் இந்திய வரிசை கடந்த சில ஆண்டுகளாகப் பொது வரிசையைவிட ஓராண்டுக்கும் மேல் பின்னால் இருக்கிறது.

ஆனால் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து போகும்போது, இருவரில் யாருடைய பிறந்த நாடு சாதகமோ அதையே குடும்பம் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். மனைவி சிங்கப்பூரில் பிறந்தவர் என்றால் கணவரும் பொது வரிசைக்கு வந்துவிடுகிறார். ஜொகூரிலோ பினாங்கிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்திருந்தாலும் இதே கதைதான். பிள்ளை பிறந்த இடம் மட்டும் பெற்றோருக்கு உதவாது. பிள்ளைகள் இருவரும் இங்கே பிறந்திருந்து, பெற்றோர் இருவரும் இந்தியாவில் பிறந்திருந்தால், பெற்றோர் இந்திய வரிசையில்தான். இந்தச் சலுகையை எடுப்பவர் மனைவியை விட்டுவிட்டு முன்னால் போக முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

இது தானாக நடக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். வரிசையைக் குறிக்க அவர்கள் முதலில் எடுப்பது நண்பரின் பிறந்த நாட்டைத்தான். அதனால் கோப்பை இந்தியா என்றே குறித்து வைத்திருப்பார்கள். மனைவியின் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் இணைத்து, மனைவியின் பிறந்த நாட்டைக் கணக்கில் எடுக்கும்படி NVCக்கு அவர்களுடைய இணைய விசாரணைப் படிவம் வழியாக எழுத வேண்டும். கடிதம் வரட்டும் என்று காத்திருந்தால், இந்தியத் தேதி வந்த பிறகுதான் கடிதமும் வரும். அதற்குள் பொது வரிசையில் உங்கள் விசா எப்போதோ திறந்திருக்கும். பின்னால் சொல்லப்போகும் ஓராண்டுக் கெடுவும் ஓடத் தொடங்கியிருக்கலாம்.

நண்பர் குடும்பத்துக்குப் பொது வரிசையில் விசா திறந்த நாள் 2025 ஜூன் 1.

நான்காம் படி: கழித்துப் பார்ப்பது

சட்டத்தில் இருக்கும் முறை, விசா திறந்த நாளில் பிள்ளையின் வயதை எடுத்து, மனு கிடந்த நாட்களைக் கழிப்பது. வயதை நாட்களாக மாற்றப் போனால் லீப் ஆண்டில் தவறிவிடும். அதனால் நான் வேறு விதமாகச் செய்வேன். விசா திறந்த தேதியையே அத்தனை நாள் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அந்த நாளில் பிள்ளைக்கு 21 முடிந்திருந்ததா என்று பார்ப்பேன். கணினியில் எந்த விரிதாளிலும் இதை ஒரு கட்டத்தில் அடிக்கலாம்:

```
=DATE(2025,6,1)-(DATE(2012,1,20)-DATE(2007,9,12))
```

கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 2021 ஜனவரி 22 என்று வரும். இனி ஒரே கேள்விதான். 2021 ஜனவரி 22 அன்று பிள்ளைக்கு 21 வயது முடிந்திருந்ததா?

மூத்த பெண் பிறந்தது 2000 ஏப்ரல் 5. அந்த நாளில் அவளுக்கு 20 வயதும் 9 மாதமும் சில நாட்களும். உண்மை வயது 25ஐத் தாண்டியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவள் இன்னும் பிள்ளைதான். விரிதாளில் அந்தத் தேதி வந்தபோது அம்மா கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. "இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்றார். போட்டோம். அதே தேதி.

எவ்வளவு நூலிழையில் தப்பினாள் என்பதையும் பார்த்தோம். ஜூன் 1க்குப் பதிலாக ஆகஸ்ட் 1 என்று வைத்தால் 2021 மார்ச் 24 வருகிறது. அப்போதும் 21 முடியவில்லை. செப்டம்பர் 1 என்று வைத்தால் 2021 ஏப்ரல் 24. முடிந்துவிடுகிறது. ஆக, மூன்று மாதம் தள்ளி விசா திறந்திருந்தால் பெண்ணின் வாய்ப்பு போயிருக்கும். அப்பாவின் இந்திய வரிசைக்காகக் காத்திருந்தால் ஓராண்டுக்கு மேல் தள்ளியிருக்கும். அம்மா சிங்கப்பூரில் பிறந்ததுதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியது.

உங்கள் கணக்கில் சில வாரங்கள்தான் இடைவெளி இருக்கிறது என்றால் அமெரிக்கக் குடியேற்றச் சட்ட வழக்கறிஞர் ஒருவரிடம் தாள்களைக் காட்டிவிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் காசு பார்க்கக்கூடாது.

ஐந்தாம் படி: ஓராண்டுக் கெடு

கணக்கில் வயது 21க்குக் கீழே வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்து விடுபவர்கள் உண்டு. இன்னும் ஒரு நிபந்தனை இருக்கிறது. விசா திறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்தப் பிள்ளை குடியேற்றத்துக்கு முயன்றிருக்க வேண்டும். நம் வழியில் அதற்கு உறுதியான சான்று, அந்தப் பிள்ளையின் பெயரில் அமெரிக்க வெளியுறவுத்துறையின் CEAC இணையதளத்தில் DS-260 என்ற குடியேற்ற விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி அனுப்புவது. அப்பாவின் படிவத்தை அனுப்பினால் பிள்ளைக்கும் ஆயிற்று என்று விடக்கூடாது. ஒவ்வொருவருக்கும் தனிப்படிவம், தனிக்கட்டணம். படிவம் போனதும் வரும் உறுதிப்பக்கத்தைத் தேதி தெரிய அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். NVC முன்கூட்டியே அழைத்திருந்தால் அப்போதே அனுப்பிவிடலாம். காத்திருப்பதில் எந்த லாபமும் இல்லை.

இங்கே வழக்கமாக நேரும் இடர், CEACஐத் திறந்து பார்த்தால் பிள்ளையின் பெயரே இல்லாமல் இருப்பது. உண்மை வயது 21 தாண்டியதால் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். அல்லது மனு போட்ட பிறகு பிறந்த பிள்ளையாக இருக்கும். இரண்டிலும் பயப்பட ஒன்றுமில்லை. பிறப்புச் சான்றிதழ், இரண்டு I-797 தாள்கள், மேலே செய்த கணக்கு ஆகியவற்றை இணைத்து, பிள்ளையைக் கோப்பில் சேர்க்கச் சொல்லி NVCக்கு எழுதுங்கள். அவர்கள் பதில் தர நேரம் எடுக்கும் என்பதால் கெடுவின் கடைசி மாதத்துக்கு இதை வைக்காதீர்கள். நண்பரின் பெண் பெயரும் இப்படித்தான் விடுபட்டிருந்தது. அவர்கள் கெடு 2026 மே மாதத்தோடு முடியும். 2025 ஜூலையிலேயே எழுதிவிட்டோம்.

புல்லட்டின் சில சமயம் பின்னோக்கியும் போகும். பிள்ளையின் DS-260 அதற்குள் போயிருந்தால் வயது பூட்டப்பட்டுவிட்டது, தேதி பின்னால் போனாலும் கவலையில்லை. அனுப்பாமல் இருந்தால், விசா மறுபடி திறக்கும் நாளை வைத்துப் புதிதாக வயதைப் பார்ப்பார்கள். அதற்குள் பிள்ளை கோட்டைத் தாண்டிவிடலாம்.

தேசிய சேவையில் இருக்கும் மகன்

நண்பரின் இளையவன் பிறந்தது 2004 நவம்பர். விசா திறந்த நாளில் உண்மை வயதே 21க்குக் கீழே, அதனால் கணக்குச் சிக்கல் இல்லை. ஆனால் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு அப்போதுதான் தேசிய சேவையில் சேர்ந்திருந்தான். இரண்டு ஆண்டு முடியும்வரை அவன் எங்கும் குடிபெயர முடியாது. குடியேற்ற விசாவோ பொதுவாக ஆறு மாதம்தான் செல்லும்.

இதற்கு வழி, அவனுக்கும் கெடுவுக்குள் DS-260 அனுப்பி வயதைப் பூட்டிவிட்டு, பெற்றோரும் அக்காவும் முதலில் போவது. சேவை முடிந்ததும் அவன் பின்தொடர்ந்து சேரும் பிள்ளையாக விசா எடுத்துக்கொள்ளலாம். விசாவுக்கான மருத்துவச் சோதனையை இப்போதே செய்து வீணாக்க வேண்டாம். பின்தொடர்ந்து வருவான் என்பதைத் தூதரகத்துக்கும் NVCக்கும் எழுத்தில் தெரிவித்து, அந்தப் பதில்களைப் பத்திரப்படுத்துங்கள்.

திருமணம்

இதைப் பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கழித்து வரும் வயது 18 ஆக இருந்தாலும் சரி, பிள்ளைக்குத் திருமணம் ஆகிவிட்டால் பாதுகாப்பு இல்லை. விசா ஒட்டிய பிறகு, விமானம் ஏறுவதற்கு முன் பதிவுத் திருமணம் செய்துகொண்டாலும் போயிற்று. அமெரிக்காவில் நுழையும் நாள்வரை மணமாகாதவராக இருக்க வேண்டும். இங்கே வீவக வீட்டுக்குப் பதிவதற்காக முன்கூட்டியே பதிவுத் திருமணம் செய்வது பிள்ளைகளிடம் சாதாரணம். 25 வயதுப் பெண்ணிடம் இதை நேராகக் கேட்டுவிடுவது நல்லது. நண்பர் கேட்கத் தயங்கினார், அம்மாதான் கேட்டார்.

நேப்பியர் ரோட்டில் நேர்காணல் அன்று

வயது பற்றிய இறுதி முடிவு NVCயுடையது அல்ல, நேர்காணல் செய்யும் தூதரக அதிகாரியுடையது. அதனால் ஒரே பக்கத்தில் இவற்றைத் தட்டச்சு செய்து கொண்டுபோங்கள்: மனு பெறப்பட்ட தேதி, ஏற்கப்பட்ட தேதி, இடைப்பட்ட நாட்கள், விசா திறந்த நாள், பிள்ளை பிறந்த தேதி, DS-260 அனுப்பிய தேதி. அந்த மாதப் புல்லட்டினையும் அச்செடுத்து, உங்கள் பத்தியைக் கோடிட்டு இணையுங்கள். மனைவியின் பிறந்த நாட்டை எடுத்திருந்தால் அதையும் முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கணக்கு தவறிவிட்டால்

வயது 21ஐத் தாண்டிவிட்டால், அத்தை போட்ட மனுவின் பழைய தேதியைப் பிள்ளைக்கு மாற்றித் தர முடியாது. இதைப் பல குடும்பங்கள் வழக்காடிப் பார்த்தன. 2014 ஜூனில் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தக் கதவை மூடிவிட்டது. பெற்றோர் கிரீன் கார்டு பெற்ற பிறகு, மணமாகாத வளர்ந்த பிள்ளைக்காக F2B வகையில் புதிதாக மனு போடலாம். அந்த வரிசை அன்றிலிருந்துதான் தொடங்கும், அதுவும் பல ஆண்டு வரிசை. ஓராண்டுக் கெடுவை மட்டும் தவறவிட்டிருந்தால், கடும் நோய் போலக் கைமீறிய காரணம் இருந்ததை நிரூபித்து விலக்குக் கேட்கலாம், ஆனால் கெடு தெரியாது என்பது காரணமாகாது.

நண்பரின் பெண்ணுடைய DS-260ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அதே மேசையில் நிரப்பினோம். 16 வயதிலிருந்து வசித்த எல்லா முகவரிகளையும் அந்தப் படிவம் கேட்கும். யீஷூன் வீட்டுக்கு எப்போது மாறினோம் என்று அம்மாவும் மகளும் கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பழைய மின்கட்டண ரசீது ஒன்றைத் தேடி எடுத்து அந்த மாதத்தை எழுதினாள். அனுப்பும் பொத்தானை அவளே அழுத்தினாள். உறுதிப்பக்கத்தை இரண்டு பிரதி எடுத்தோம், ஒன்று அந்தக் கோப்புக்கு, இன்னொன்று நியூ ஜெர்சி அத்தைக்கு.